வாலும் வண்டியும்

வெள்ளைப்பலகைப் பேனாவைத் திறந்தால் எழும் அந்த ஸ்பிரிட் வாசனை. எங்கே மூக்கில் பட்டாலும் பெங்களூரு ஹெப்பகோடி ஆபீஸின் அந்த வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது. வந்து, சிரிக்கிறது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது கைப்பேசியில் எழுத்துப்பிழை காட்டும் செயலி. தமிழுக்கு நானும், ஜீவனஹள்ளியிலிருந்து வரும் ஒரு பெண்ணும். மூன்று மாதமாகப் பட்டியலில் சொல் சேர்த்தோம். 'வீட்டில்' என்று சேர்த்தால் 'வீட்டிலிருந்து' வந்து நிற்கும். அதைச் சேர்த்தால் 'வீட்டிலிருந்தவர்களுக்கும்'. பட்டியலில் இல்லாததற்கெல்லாம் சிவப்புக்கோடு. அன்று மாலைக்குள் சரியாகாவிட்டால் வெளியீட்டில் தமிழ் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்த அவளுக்கு வேலையும் இல்லை.

"இங்கிலீஷ் டீம் எப்பவோ முடிச்சிட்டாங்க. உங்களுக்கு யாக்கே, ஏன் ஆகல?" என்றார் மேலாளர், கன்னடக்கார அம்மா.

"அவங்களுக்கென்ன மேடம், ஒரு சொல்லுக்கு அஞ்சு உருப்படி," என்றாள் அவள். "எங்க சொல்லு ரயில் மாதிரி. பெட்டி கோத்துக்கிட்டே போலாம்."

அவளே பலகையில் இங்கிலீஷ் 'பாடு'வை எழுதினாள். ஸிங், ஸேங், ஸங். ஸேங்கில் இறந்தகாலத்தை எங்கே அறுத்தெடுப்பது? நடுவில் உயிரொலியே மாறிவிட்டது, பாலில் கரைந்த சர்க்கரையாக. 'பாடினாள்' அப்படியில்லை: பாடு, இன், ஆள். 'இன்' தான் காலம், தனியாகக் கழற்றலாம். 'ஆள்' என்ற வாலில் மட்டும் படர்க்கை, பெண், ஒருமை மூன்றும் கலந்தே கிடக்கின்றன. எங்களிடமும் கொஞ்சம் சர்க்கரை உண்டு.

ஆகவே பட்டியலை விட்டோம். வேரும் ஒட்டுகளும் கோக்கும் விதிகளும் என்று மாற்றினோம். முதல் ஓட்டத்தில் 'வீடில்', 'மரமில்' என்பதற்கெல்லாம் செயலி சரியென்று தலையாட்டியது. பெட்டிகளை அடுக்கினோமே தவிர, இடையில் கொக்கி மாட்டவில்லை. அவள் சாப்பாட்டையும் மறந்து வீட்டு, மரத்து என்று கொக்கிகளை எழுதினாள்.

நாலரைக்கு மேலாளரே தட்டச்சினார்: வீட்டிலிருந்தவர்களுக்கும். சிவப்பு இல்லை. மரமில் என்று தட்டினார், சிவப்பு. பிறகு அந்த முதல் சொல்லையே தன் பாஷையில் மெல்ல எண்ணத் தொடங்கினார், ஒவ்வொரு விரலாக மடக்கி: "மனெ... அல்லி... இத்த... அவரு... இகெ... ஊ. மனெயல்லித்தவரிகூ. அய்யோ, நம்ம கன்னடமும் இதே வண்டி தானா?"

"அதே வண்டி, வேற பெட்டி மேடம்."

"அப்படின்னா கன்னடத்துக்கும் நீயே கொக்கி எழுதும்மா. வெளியீட்டுல ரெண்டும் போகட்டும்."

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் மை.

பஸ் நிறுத்தத்தில் எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு மறுபக்கம். அவள் பஸ் முதலில் வந்தது. படியில் ஏறிக்கொண்டே திரும்பினாள்.

"திங்கக்கிழமை விதிக்கு அடங்காத வினையெல்லாம். 'போ' எனக்கு, 'வா' உங்களுக்கு. 'வா' கொஞ்சம் படுத்தும்க்கா, வரும்போது தெம்பா சாப்ட்டு வாங்க."