ஒரு பேட்ச் மட்டும்

செய்தித் தளத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எதிர் மேசை அக்கா தான் எழுதிய ஒரு தலைப்பைப் போனில் வாசித்துக் காட்டிவிட்டு, "இவ்வளவுதான். இதுல உங்களுக்கு என்ன புரியுது?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய நிபுணர் போல என்று நினைத்தேன். அவருடைய அப்பாவாம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"போனைத் திறந்ததும் தானா வந்து நிக்குதே செய்தி, அதைத்தான் பார்ப்பாரு. தலைப்பு, படம். உள்ளே போகவே மாட்டாரு. பட்டதாரி, நீ மட்டும் எல்லாத்தையும் திறந்து படிக்கிறியா?" என்றார் அக்கா.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். நானும் பெரும்பாலும் தலைப்போடு சரி.

ஒருநாள், ரத்த அழுத்த மாத்திரை ஒன்றின் ஒரே ஒரு பேட்சை, அதாவது ஒரே எண் போட்டுத் தயாரித்த ஒரு தொகுதியை மட்டும், கம்பெனி திரும்பப் பெறுவதாகச் செய்தி வந்தது. ஆசிரியர் வேகமாக வந்தார். "ஏம்மா, மத்தவங்க எல்லாம் போட்டுட்டாங்க. ‘அதிர்ச்சி’ன்னு ஒண்ணு சேர்த்தா குறைஞ்சா போயிடும்?"

அக்கா வழக்கம்போல அப்பாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் முந்திக்கொண்டார்: "பாப்பா, இன்னைக்கு பிரஷர் மாத்திரை போடல. ‘இது உயிருக்கே ஆபத்து’ன்னு போன்ல வந்துச்சு."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் நிதானமாகத் தன் தலைப்பை வாசித்தார்: "ரத்த அழுத்த மாத்திரை திரும்பப் பெறப்படுகிறது."

"பாத்தியா, நான் நிறுத்தினது சரிதான்!"

பொய்யே இல்லாத தலைப்பு. அதுவும் அவரை நிறுத்தத்தான் சொன்னது. அக்கா அழித்துவிட்டு, மருந்தின் பெயரை முதலில் வைத்து, "ஒரு பேட்ச் மட்டும் வாபஸ், மற்றவற்றை நிறுத்த வேண்டாம்" என்று எழுதி வாசித்தார்.

"அப்ப நம்பர் பார்க்கணுமா? இரு, கண்ணாடி எடுத்துட்டு வரேன்."

மாத்திரை அட்டையைத் தேடிப் பிடித்து, அதிலிருந்த எண்ணை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். வேறு பேட்ச்.

"போட்டுக்கோங்கப்பா. தண்ணி குடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கணும்."

கேட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசிரியரிடம் சொன்னார்: "சார், எங்கப்பா அதிர்ச்சி ஆகித்தான் மாத்திரையை நிறுத்தினாரு."

ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "சரி, அப்படியே போடு."

இணையத்தில் தேடுபவர்களுக்குத் தெரியும் தலைப்பை அக்கா தனியாக எழுதினார். தேடி வருபவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். அதனால் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் முன்னால் வந்தன. தானாக வரும் செய்தியைப் பார்ப்பவர் எதையும் கேட்டு வருவதில்லை. அவருக்கு அந்த ஒரே வரியில் விஷயம் முழுதாக இருக்க வேண்டும்.

முதல் மணி நேரத்தில் மற்ற தளங்களுக்குத்தான் கூட்டம். எங்கள் செய்தி மெதுவாக ஏறியது. பேட்ச் எண்ணைத் தேடி வந்தவர்கள் அந்த வாரம் முழுக்க வந்துகொண்டே இருந்தார்கள்.

அக்கா இப்போதும் எதிர் மேசையில்தான் இருக்கிறார். அப்பா தினமும் மாத்திரை போட்டுக்கொள்கிறார். காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் போனில் இருப்பார்கள்.