பாதியில் முடிந்த வாழ்த்துரை

1974 ஜூலை 20, சனிக்கிழமை, காலை பதினொன்றேகால். வெயில் இல்லை; சாரல். தென்காசியில் அப்பா எலக்ட்ரீஷியன் பிரிவு ஆசிரியராக இருந்த தொழிற்பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் வழங்கும் விழா. சிறப்பு விருந்தினர் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவர், இன்னும் திரும்பவில்லை. வாழ்த்துரை அப்பாவின் தலையில் விழுந்தது. எனக்கு வயது பதினொன்று. அம்மாவோடு இரண்டாம் வரிசையில் இருந்தேன்.

சான்றிதழ் வாங்கிய நாற்பத்தொரு பேரில் அண்ணனும் ஒருவன். மில்லில் அவனுக்கு அப்ரண்டிஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் இடம் போய்விடும். சேர மாட்டேன் என்று ஐந்து நாளாக அப்பாவோடு பேச்சை நிறுத்தியிருந்தான். அங்கே அவனுக்கு வேலை சொல்லப்போகிற வயர்மேன் எங்கள் தெருப் பையன். அண்ணனைவிட இரண்டு வயது இளையவன். எட்டாம் வகுப்போடு நின்று மில்லுக்குப் போனவன்.

“கோலியில என்கிட்ட தோத்துட்டு அழுதவன். அவனப் போயி அண்ணாச்சின்னு கூப்பிடணுமாக்கும்?” என்று அம்மாவிடம் கத்தினான்.

அப்பா மைக்கில் பேசியதெல்லாம் அவனுக்குத்தான். முதல் நாளே மெஷினைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள். மூத்தவர் டீ வாங்கிவரச் சொன்னால் போங்கள். வந்ததும், அதற்குள் அவர் எதைக் கழற்றியிருக்கிறார் என்று பாருங்கள். எங்களுக்கு இப்படிச் சொல்லித்தரவில்லையே என்று வாயைத் திறக்காதீர்கள். வேலையைக் கெடுத்துவிட்டால், அவர் கண்டுபிடிக்குமுன் நீங்களே காட்டுங்கள். அண்ணன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபேன் நின்றது. மைக்கும் நின்றது.

மைக் வேலைக்கு உதவ வந்திருந்த அந்தத் தெருப் பையன்தான் கதவோரம் இருந்த போர்டுக்கு ஓடினான். அப்பா மேடையிலிருந்து இறங்கிப்போய் டார்ச்சைப் பிடித்தார்.

“மொதல்ல என்ன செய்யணும் அண்ணாச்சி?”

கூடம் கொல்லென்று சிரித்தது. பையன் நெளிந்தான். “சார், நீங்க போயி என்னய…”

“சொல்லுங்க அண்ணாச்சி. டார்ச் பிடிக்க வந்த ஆளுதான நான்?”

“மெயின ஆஃப் பண்ணணும் சார். எதனால போச்சுன்னு பாக்காம ஃபியூஸ் கம்பி போடக் கூடாது. வெளிய சீரியல் லைட்டு நனைஞ்சு கெடக்கு, மொதல்ல அதக் கழத்துதேன்.”

“எந்தக் கம்பி தரட்டும்?”

“பழைய கனத்துலயே தாங்க. தடியாப் போட்டா ஃபியூஸ் போகாது, வயருதான் எரியும்.”

“சரி அண்ணாச்சி.”

மின்சாரம் வந்தது. அப்பா மேடையேறி, “நான் சொல்ல வந்தது முடிந்தது” என்று உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் கூடம் சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு மணி ஷிப்டுக்குப் போனான். சாயங்காலம் கறுத்த கையோடு வந்து, “நாளைக்கு வெள்ளன எழுப்பி விடும்மா, அண்ணாச்சி சீக்கிரம் வரச் சொல்லுதாரு” என்றான்.

எனக்குத்தான் தாங்கவில்லை. பதினெட்டு வருஷம் ஃபியூஸ் பாடம் நடத்தியவர், எந்தக் கம்பி என்று கேட்கிறாரே, அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று என்றே நம்பினேன். மருந்துக்கடையில் ஞாபகசக்திக்கு டானிக் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், பாட்டில் காலியாகும்வரை குடித்தார். உண்டியலை உடைத்து அதற்கு நான் எண்ணிக் கொடுத்தது மூன்று ரூபாய் அறுபது பைசா.