எக்கோவுக்கு எழுநூற்று இருபது

பிரிக்பீல்ட்ஸில் ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்தது எங்கள் இசைக்குழுவின் ஒத்திகை அறை. நான் பகலில் அம்பாங்கில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட், சாயங்காலமானால் பாடகி. குழுத்தலைவர் கிட்டார் வாசிப்பார், இன்சூரன்ஸ் விற்பார், எல்லாம் அறிவார்.

அந்த வருஷம் அவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு எக்கோ மிஷின் வாங்கி வந்தார். நாம் பாடியதை எத்தனை மில்லிசெகண்ட் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அதில் எண் வைக்கலாம். கிள்ளான் கோயில் திருவிழாவில் நான் தனியாகப் பாடவிருந்த பாட்டு, நிமிஷத்துக்கு நூறு தாள அடி வேகம். எண் அறுநூறு. மிஷினை விற்ற கடைக்காரன் சொல்லிக்கொடுத்த எண், அற்புதமாகப் பொருந்தியது. ஒவ்வொரு எக்கோவும் அடுத்த அடியில் வந்து உட்கார்ந்தது.

பிறகு தலைவருக்கு, திருவிழாக் கூட்டம் தூங்கிவிடுமோ என்ற பயம் வந்தது. தாளம் போடும் ரிதம் மிஷினில் வேகத்தை நூற்றிருபது ஆக்கச் சொன்னார். எக்கோவையும் அதே விகிதத்தில் உயர்த்தினார்: எழுநூற்று இருபது.

அவ்வளவுதான், என் குடி கெட்டது. நான் பாடிய சொல் அடிக்கும் அடிக்கும் நடுவே திரும்பி வந்து என்னையே இடித்தது. அதைக் கேட்டு நான் தடுமாற, தலைவர் கிட்டாரைக் கீழே வைத்தார். ரிதம் மிஷின் தப்பாது, எக்கோ மிஷின் தப்பாது, மிச்சம் இருப்பது நான் ஒருத்திதானே! தாளமில்லாதவள் என்று அன்றே முடிவாயிற்று. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பாட்டை ஈப்போவிலிருந்து வரும் பாடகிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் மூன்று வருஷமாக மற்றவர்களுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடிக்கொண்டிருந்தேன்.

எக்கோதான் இடிக்கிறது, எண்ணைக் குறைத்துப் பாருங்கள் என்று நயமாகவே சொன்னேன்.

"வேகத்த கூட்டிட்டு நம்பர கொறைக்கச் சொல்றியா? கணக்கு தெரியாம பேசாத லா," என்றார்.

மறுநாள் மினிபஸ்ஸுக்குக் காத்திருந்தபோது யோசித்தேன். மணிக்கு அதிக பஸ் வந்தால் நாம் காத்திருக்கும் நேரம் குறையத்தானே செய்யும்? ஒரு நிமிஷத்தில் அறுபதாயிரம் மில்லிசெகண்ட். அதை நூறு அடிக்குப் பங்கிட்டால் அறுநூறு. நூற்றிருபதுக்குப் பங்கிட்டால் ஐந்நூறு. இவ்வளவுதான் சங்கதி. இதற்கா என் மானம் போயிற்று?

கீபோர்டு வாசிக்கும் அண்ணன் பக்கத்தில்தான் இரண்டு மிஷின்களும் இருந்தன. எக்கோவின் சிவப்பு எண் அவர் உட்காரும் இடத்திலிருந்து மட்டுமே கண்ணில் படும். சனிக்கிழமை தலைவர் தே தாரே டீ குடிக்கக் கீழே இறங்கியதும் அண்ணனிடம் பஸ் கணக்கைச் சொன்னேன். விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "சரியாத்தான் இருக்கு. ஆனா அவர்ட்ட நீ சொல்லாத, நானும் சொல்ல மாட்டேன்," என்று ஐந்நூறில் வைத்தார்.

தலைவர் வந்ததும் பாடினேன். எக்கோ அடியோடு அடியாக ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் எல்லாரையும் பார்த்துச் சொன்னார், "பாத்தீங்களா? நான் ஏசுனதுக்கு அப்புறம்தான் தாளம் வந்துச்சு."

உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே எழுநூற்று இருபதைத் திருப்பி வைக்கச் சொல்வார். தாளமும் போகும், பாட்டும் போகும். ஈப்போவுக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கிள்ளானில் கோயில் வாசலே தெரியாத அளவுக்குக் கூட்டம். என் பாட்டுக்கு விசிலும் கைதட்டலும் அடங்கவில்லை. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அதே பாட்டை இன்னொரு தரம், இன்னும் வேகமாக, நூற்றைம்பதில் எடுப்போம் என்றார். கீபோர்டு பக்கம் திரும்பி, "எக்கோ தொள்ளாயிரம்," என்று உத்தரவிட்டார். பிறகு என்னைக் கைகாட்டி மைக்கில் பேச ஆரம்பித்தார்.

"இந்தப் பொண்ணுக்குத் தாளமே வராதுங்க. ஒரே வாரத்துல நான் கத்துக்குடுத்தேன்."

கூட்டம் அவருக்காகக் கை தட்டியது. நானும் சபைக்கு முன்னால் அடக்கமாகச் சிரித்துக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் கீபோர்டு அண்ணனுக்கு நாலு விரலைக் காட்டினேன், நானூறு என்று.