மெயில் போட வேண்டாம் என்றாள்

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. முதலில் போன். கையோடு, ‘நாம் போனில் பேசியபடி’ என்று ஆரம்பித்து ஒரு மெயில். போன் மனசுக்கு, மெயில் கோப்புக்கு. வாட்ஸ்அப் எல்லாம் போட்டோ அனுப்பவும் ‘லாரி கிளம்பிடுச்சுங்க’ என்று சொல்லவும்தான். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் பதினாறு வருஷமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வாங்குகிறவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற வேலை அது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அப்படிப்பட்ட நான்தான் அந்த மெயிலைப் போடாமல் விட்டேன்.

ஐரோப்பாவில் குழந்தைகள் துணி விற்கும் ஒரு கம்பெனி. அவர்களுக்காக இங்கே ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் ஆபீஸ் கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தவள் அவள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஒன்பது வருஷமாக அந்த ஆர்டரை நாங்கள் இரண்டு பேரும்தான் வளர்த்தோம். அவள் பெண்ணுக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது எங்கள் ஊர் வெள்ளகோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்விட்டு வந்தேன். அவளுக்கு நான் அக்கா.

அந்தத் தடவை வெள்ளை டீ-ஷர்ட், கழுத்திலும் கையிலும் சிவப்புப் பட்டி. ஒரு புதன்கிழமை காலையில் லேப் ரிப்போர்ட் வந்தது. துவைத்தால் சிவப்பு, வெள்ளையில் இறங்குகிறது. ஃபெயில். துணியெல்லாம் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. ரிப்போர்ட் வருவதற்குள் வெட்டச் சொன்னவள் அவள்தான். தொழிற்சாலைக்கு வந்திருந்தபோது கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் நின்று, ‘நேரமில்லீங்கக்கா, போட்டுருங்க’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போனாள். நானும் சரியென்று விட்டேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

பட்டியை மறுபடி சாயம் போட்டு வர பத்து நாள் ஆகும். அன்றைக்கே வெளிநாட்டுக்குத் தெரிவித்தால் கப்பல் தேதியைத் தள்ளி வாங்கிவிடலாம். தாமதமாகச் சொன்னால் கொடுக்க மாட்டார்கள், சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியதுதான். அதைவிட, ‘மறைத்தார்கள்’ என்று பேர் விழும். ஒன்பது வருஷத்து ஆர்டர் கையைவிட்டுப் போக அது ஒன்று போதும்.

அதனால் வெளிநாட்டுக்கு நகல் வைத்து அவளுக்கு ஒரு மெயிலை அடித்து டிராஃப்டில் வைத்துவிட்டு, முறைப்படி முதலில் அவளுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அங்கே டவர் இல்லையென்றும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவதாகவும் சொல்லி வைத்துவிட்டாள். உடனே வாட்ஸ்அப்பில் வந்தாள். பதினொரு நிமிஷம் பேசினோம். எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“அக்கா, மெயில் மட்டும் போட்றாதீங்க. எழுத்துல பாத்தா அவங்க பயந்துக்குவாங்க. திங்கக்கிழமை அவங்ககூட மீட்டிங் இருக்குதுங்க, நானே பக்குவமா சொல்லிக்கறேன். அதுக்கப்பறம் நீங்க போடுங்க.”

நியாயமாகத்தான் பட்டது. கப்பல் தேதியையும் அவளே பேசித் தள்ளி வாங்கிவிடுவாள் என்று நம்பினேன். இப்படிப்பட்ட செய்தி வாய் வழியாகப் போவதுதான் மரியாதை என்று நானே நம்புகிறவள். ஆனாலும் வியாழக்கிழமை மனசு கேட்கவில்லை. ‘மெயில் போட்டுடட்டுங்களா?’ என்று சாட்டில் கேட்டேன். பதில் எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, ‘பொறுங்கக்கா’ என்றாள். பொறுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மெயில் வந்தது, அவளிடமிருந்து. வெளிநாட்டுக்காரருக்கு எழுதி, எனக்கும் எங்கள் முதலாளிக்கும் நகல். சாயம் இறங்குவது இன்றுதான் தங்கள் ஆட்கள் மூலம் தெரியவந்ததாம். ரிப்போர்ட் வராமலே தொழிற்சாலை துணியை வெட்டிவிட்டதாம். மூன்று நாளாக எந்தத் தகவலும் தராதது மிகவும் வருத்தமளிக்கிறதாம். அவள் இங்கிலீஷ் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாலு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ‘மீட்டிங்ல இருக்கேனுங்க’ என்று ஒரு வரி வந்தது. எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். நல்ல மனுஷர், என்னை நம்புகிறவர். புதன்கிழமையே சொல்லிவிட்டேன் என்றேன். எதில் சொன்னாய் என்று கேட்டார். போனில் என்றேன். வாட்ஸ்அப் கால் பட்டியலைக் காட்டினேன். பேசியது தெரிகிறது, பேசியது என்ன என்று தெரியவில்லையே என்றார். சாட்டைக் காட்டினேன். எந்த மெயில் என்று அதில் இருக்கிறதா என்றார். இல்லை. டிராஃப்டைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அம்மணி, நீ பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா ஆர்டர் நம்ம கையில நிக்கோணுமல்லோ. தகவல் சொல்லாத ஆளை மாத்திட்டோம்னு ஒரு மெயில் போட்டுரலாம்.”

அதோடு விட்டாரா? அவருக்கு இங்கிலீஷ் மெயில் சரளமாக வராது. பதினாறு வருஷமாக அவர் பெயரில் போகும் முக்கியமான மெயில்களை எழுதுவது நான்தான். ‘நீயே பக்குவமா அடிச்சுக் குடுத்துரு’ என்றார். என்னை நானே நீக்கும் கடிதத்தை, தப்பில்லாத இங்கிலீஷில், அடித்துக் கொடுத்தேன். ‘தகவல் தெரிவிக்கத் தவறியதற்கு’ என்ற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். பிறகு அதையும் அடித்தேன். அனுப்பு என்ற பொத்தானை அவர் அழுத்தினார். எனக்கு உள்ளூர் பனியன் ஆர்டர்களைப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். சம்பளம் குறையவில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். சம்பளத்துக்கா நான் அழுதேன்?

சரக்கு விமானத்தில்தான் போனது. ஆர்டர் கையைவிட்டுப் போகாமல் நின்றது. அவளும் அதே நாற்காலியில் இருக்கிறாள். ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு சாட் வந்தது. ‘மனசுல வெச்சுக்காதீங்கக்கா’, அதோடு ஒரு கும்பிடு. எதற்காக என்று அதில் இல்லை. எழுத்தில் எதை வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்பதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

அது எவ்வளவு பெரிய கெட்டிக்காரத்தனம் என்று பின்னால் ஒரு நாள்தான் உறைத்தது. காங்கேயம் பஸ்ஸில் போனில் இடம் போதாமல் பழைய கால் பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தேன். என் போனில் சாதாரணக் காலில் பேசுவதெல்லாம் தானாகவே பதிவாகும். போனில் சொல்லும் அளவுகள் மறந்துபோகும் என்று வைத்துக்கொண்டது. வாட்ஸ்அப் காலில் பேசுவது பதிவாகாது. இதை ஒரு நாள் சாப்பிடும்போது பெருமையாக அவளிடம் சொல்லிக்கொண்டவளே நான்தான்.

அந்தப் புதன்கிழமையின் முதல் கால் அதில் இருந்தது. நாற்பத்தாறு வினாடி. காதில் வைத்துக் கேட்டேன்.

முக்கால்வாசி நான்தான் பேசியிருந்தேன். சாப்பிட்டாச்சுங்களா, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதுங்களா, வெயில் எப்படி இருக்குதுங்க. கெட்ட செய்தியைப் படாரென்று சொல்லக் கூடாதல்லவா? எடுத்தவுடன் ‘டெஸ்ட் ஃபெயில்’ என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு வார்த்தை போதும், எனக்கு எல்லாம் மிஞ்சியிருக்கும். ‘ஒரு விஷயமுங்க, கொஞ்சம் சங்கடமான விஷயம். அந்த லேப்ல இருந்து…’ என்று நான் இழுக்கிறேன். அந்த இடத்தில் அவள் குறுக்கே வருகிறாள்.

“அக்கா, அக்கா, இருங்க. இங்க டவரே இல்லீங்க, உங்க பேச்சே கேக்க மாட்டேங்குது. வாட்ஸ்அப்ல வாரேனுங்க.”

இரைச்சல் இல்லை, வெட்டு இல்லை. அவள் பின்னால் ஃபேன் சுற்றும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.