மே மாதத்து அறுவடை

கல்முனையில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு நான் மின்விசிறி பூட்டத்தான் போனேன். அதற்கு முன் மீன்பிடி வள்ளத்தில் போனேன், கட்டாரில் சீமெந்து குழைத்தேன், பஸ்ஸில் டிக்கட் கிழித்தேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியபோது மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். அன்றிலிருந்து அதை எடுப்பதுதான் என் வேலை.

அவர்கள் நடத்தியது நெல் வெட்டு மெசின் தேடித் தரும் ஒரு இணையப் பக்கம். மெசின்காரர் தன் மெசின் எந்த நாளில் சும்மா நிற்கும், எத்தனை ஏக்கர் வெட்டலாம் என்று விளம்பரம் போடுவார். வயல்காரர் தனக்கு வேண்டியதைத் தட்டித் தேடுவார். இரண்டும் பொருந்தினால் இருவருக்கும் குறுஞ்செய்தி போகும். பொருந்தாவிட்டால் எனக்கு ஏச்சு வரும்.

பொருந்துவது அபூர்வமாகத்தான் நடந்தது. ஒருவர் ‘ஒண்டரை ஏக்கர்’ என்பார், ஒருவர் 1.5 என்பார், வீட்டு வளவு விற்றுப் பழகியவர் 240 பேர்ச் என்பார். மூன்றும் ஒரே வயல்தான். எங்கள் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அது மூன்று வயல். சிலர் விதைநெல்லை வைத்துப் பரப்பைச் சொல்லும் அவணக் கணக்கில் எழுதினார்கள். அது இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அதை மட்டும் மாற்றாமல் ஆளிடமே கேட்பது என்று முடிவெடுத்தோம்.

இதையெல்லாம் ஒரே உருவத்துக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்தது எங்கள் புரோகிராமர் தங்கச்சி. வயதில் என்னில் பாதி, கோபத்தில் இரண்டு மடங்கு. எங்கள் ஊர் வழக்கில் அண்ணன் என்பதற்குக் ‘காக்கா’ என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். தேடுகிற வசனம் உள்ளே போகுமுன் ஒரு சல்லடை வைத்தாள். எண் எந்த எழுத்தில் இருந்தாலும் சாதாரண இலக்கமாகும், பரப்பு ஏக்கராகும், திகதி வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசைக்கு வரும். முதல் நாள் ‘அரை’ என்று கண்ட இடமெல்லாம் 0.5 ஆக்கியது. நெல் அரைக்கிற மெசின் தேடிய ஒருவருக்கு ‘0.5க்கிற மெசின்’ என்று பதில் போனது.

“தங்கச்சி, இது என்ன புது மொடலா?” என்றேன்.

“வாயை மூடுங்க காக்கா. முழுச் சொல்லாப் பார்க்கச் சொல்லி இப்ப மாத்துறன்.”

மாற்றினாள். எல்லாம் சரி என்று இறால் வடை வாங்கித் தின்றோம்.

மறுநாள் சவளக்கடையிலிருந்து ஒரு அக்கா அழைப்பு எடுத்தார். மூன்று ஏக்கர் தனியாகச் செய்பவர். ஒவ்வொரு போகமும் எங்களிடம் தேடுவார்.

“தம்பி, உங்கட பெட்டி நான் வழமையா எடுக்கிற இறக்காமத்து மெசினைக் காட்டுதில்ல. ஒருத்தரையும் காட்டுதில்ல.”

அவருடைய அவசரம் எனக்கு விளங்கியது. அவர் வயல், வட்டை என்கிற பெரிய வயல்வெளியின் நடுவில். மெசின் போவதென்றால் முன்வயலில் வெட்டி மிஞ்சிய அடித்தாளின் மேலால்தான் போக வேண்டும். முன்வயல்காரர் மார்ச் ஐந்தாம் திகதி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். ஆறாம் திகதி தண்ணீர் திறந்து உழுதுவிடுவார். பிறகு மெசின் புதையும். முற்றிய நெல் நின்றபடியே கொட்டும்.

விளம்பரங்களைக் கண்ணால் தேடினேன். ஐந்தாம் திகதிக்கு ஒருவரும் இல்லை. ஒரு விளம்பரத்தில் மட்டும் ஏதோ சுழியும் கொம்புமாக இருந்தது. யாரோ தூக்கத்தில் தட்டியது என்று தள்ளிவிட்டேன்.

தங்கச்சி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “காக்கா, மேல போங்க. அது தமிழ் இலக்கம்.”

‘௩ ஏக்கர். ௫/௩ மெசின் சும்மா நிக்குது. இறக்காமம்.’

“உனக்கு வாசிக்கத் தெரியுமா?”

“எனக்கும் தெரியாது. பெட்டிக்குத் தெரியும்.”

கதை அப்போதுதான் வெளித்தது. இறக்காமத்து மெசின்காரர் தமிழ் இலக்கத்தில்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர். அக்காவின் போனில் யாரோ தமிழை அமைத்துக் கொடுத்தபோது இலக்கமும் தமிழாகிவிட்டது. இத்தனை போகமும் ௩ என்று அக்கா தேட, ௩ என்று இறக்காமத்தார் எழுதியிருக்க, ஒன்றுக்கொன்று பொருந்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் அக்காவுக்கு உலகத்தில் வேறு மெசின்காரர் இருப்பதே தெரியாது. நாங்கள் தேடுகிறவரின் வாசலில் மட்டும் சல்லடை வைத்தோம். அக்காவின் ௩ இப்போது 3 ஆனது. இறக்காமத்தாருடைய ௩ அப்படியே கிடந்தது. திருத்தப் போய்ப் பிரித்துவிட்டோம்.

“விளம்பரங்களையும் அதே சல்லடைக்குள்ள போடோணும்,” என்று சொல்லிப் பழையது எல்லாவற்றையும் போட்டாள். உடனே பொருந்தியது. இருவருக்கும் குறுஞ்செய்தி போனது.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி துள்ளியது.

“தம்பி, மெசின் மே மாசம் மூண்டாம் திகதி வருமாம். மே மாசம் வந்து என்னத்தை வெட்டுறது? என்ட தலைமயிரையா?”

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தாள். திகதியைப் பிரிக்க அவள் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஆயத்த புரோகிராம் துண்டு, மாதத்தை முதலில் வாசிக்கும் நாட்டில் செய்தது. 5/3 அதற்கு மே மூன்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிழையாக வாசித்ததால் பிழையும் பிழையும் அழகாகப் பொருந்திவிட்டன.

“நேத்துப் போட்டுப் பார்த்தப்ப எப்படித் தெரியாமப் போச்சு?”

“இருபத்தஞ்சாம் மாசம் இல்லத்தானே காக்கா. 25/2 வந்தா அது தானாத் திருப்பி வாசிச்சிடும். பன்னிரண்டுக்குள்ள வந்தாத்தான் பிழைக்கும்.”

சாய்கோடு போட்டு எழுதினால் நாள் முதலில், நான்கு இலக்கத்தில் தொடங்கினால் வருடம் முதலில். இந்தக் கரையில் கல்யாணக் கார்ட் அடிக்கிறவருக்கும் தெரிந்த விசயம். பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை. அவள் எழுதத் தொடங்கினாள். நான் இறக்காமத்தாருக்கு எடுத்தேன்.

“மே மாசமெண்டு வந்திச்சு,” என்றார். “எனக்குச் சிரிப்பு. சரி, மார்ச் அஞ்சு சும்மாதானே எண்டு பக்கத்து வட்டைக்கு வாக்குக் குடுத்திட்டன்.”

“காக்கா, அது மார்ச் அஞ்சுதான். நீங்க எழுதினதுதான்.”

“நான் சரியாத்தானே எழுதினன்?”

“ஓம். நாங்கதான் பிழையா வாசிச்சம்.”

“அப்ப தமிழ் இலக்கத்தில பிழை இல்ல எண்டு அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க.”

“சொல்றன். மெசின் வருமா?”

அவர் யோசிக்கும்போது தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அண்டைக்குக் காலையில அங்க முடிச்சு, மத்தியானம் லுஹர் தொழுதிட்டு மெசினை லொறியில ஏத்துறன். பின்னேரம் வெட்டலாம். லைட்டும் இருக்கு. ஆனா முன்வயல்காரன்ட தண்ணிக்கு நான் பொறுப்பில்ல.”

முன்வயல்காரரோடு அக்காவே கதைத்தார். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் எனக்குப் போட்ட ஏச்சில் கால்வாசி அங்கே விழுந்திருந்தாலும் போதும்.

ஐந்தாம் திகதி பின்னேரம் வானம் கறுத்திருந்தது. தங்கச்சி வீட்டுக்குப் போகாமல், சல்லடைக்குள் கண்ட கண்ட திகதியெல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியை இருவரும் பார்க்காத மாதிரிப் பார்த்தோம். அடித்தது. இரைச்சலுக்குள் அக்காவின் குரல்.

“மெசின் வரம்பில ஏறிட்டு தம்பி! வயல்ல ரெண்டு துண்டு வெட்டிட்டார். இனி நீங்க எந்த இலக்கத்தை என்னவா மாத்தினாலும் சரி.”

“மழை, அக்கா?”

“இப்பதான் தூறுது. வைக்கிறன், சாக்குப் பிடிக்கோணும்.”