பூ போய்க் கம்பளி வந்தது

என் அக்காவுக்கு மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ் என்று சிரிக்கவே தெரியாத காகிதங்களை ஆங்கிலமாக்குவாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு, அவள் மேசையில் குறும்பு செய்வது பிழைப்பு.

எங்கள் சித்தி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருக்கிறாள். துணி உலர்த்தும் பழைய மெஷின் அவள் கையை இரண்டு தடவை சுட்டுவிட்டது. புது மெஷின் அடுத்த மாதம் வரும் என்று மேனேஜர் மூன்று வருடமாகச் சொல்கிறார். சித்தி அதை முகநூலில் எழுத, நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். ஆனால் மெஷின் வாங்கும் தலைமை அலுவலகத்தில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் படிக்கும் ஆங்கில இணைய இதழ் பதிவை ஆங்கிலத்தில் கேட்டது. அக்கா உட்கார்ந்தாள்.

இடறியது ஒரே இடம். ‘மேனேஜர் எங்க காதுல பூ சுத்தினார். எடுத்து மோந்து பாத்தேன். பிளாஸ்டிக்.’

அதை ஃபோன் செயலியில் போட்டேன். மேலாளர் எங்கள் செவிக்குள் மலரைச் சுழற்றினார் என்று ஆங்கிலம் வந்தது. அச்சடித்து அவள் மேசைக்கு எதிரே ஒட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. ‘ஏமாற்றினார்’ என்று போட்டால் பிளாஸ்டிக் அந்தரத்தில் தொங்கும், பூவை அப்படியே விட்டால் அடிக்குறிப்பு கேட்கும், விளக்கிச் சொன்ன ஜோக் செத்த ஜோக் என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பிடித்தாள். ஏமாற்றுவதை ஆங்கிலத்தில் கண்ணுக்கு மேல் கம்பளியை இழுத்துவிடுவது என்பார்களாம். ‘கம்பளியை இழுத்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன். பாலியெஸ்டர்.’ மாற்றலாமா என்று சித்தியைக் கேட்டாள்.

“பூவைப் பத்தி எனக்கென்னடி தெரியும்? கம்பளின்னா தொட்டதும் சொல்லிடுவேன். போடு.”

மாடி வீட்டுப் பல் டாக்டருக்குத் தமிழ் சுட்டுப் போட்டாலும் வராது. அவருக்கு வாசித்துக் காட்டினாள். சரியாகப் பாலியெஸ்டரில் சிரித்தார்.

இதழாசிரியர் நம்ம தமிழ் ஆள்தான். ஆனால் கம்பளியைச் சுரண்டிவிட்டு, ‘நிர்வாகம் ஊழியர்களுக்குத் தவறான தகவல் அளித்தது’ என்று இஸ்திரி போட்டு அனுப்பினார். அக்கா அவருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“கஷ்டப்படுறவங்க ஜோக் அடிச்சா யாரும்மா நம்புவாங்க?”

“சிரிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கை சுடாதா சார்? போட்டா அவங்க எழுதினபடி போடுங்க. இல்லன்னா வேண்டாம்.”

வைத்துவிட்டார். சித்தியின் மெஷின் அம்பேல் என்று நினைத்தேன். அக்கா அடுத்த வாடகை ஒப்பந்தத்தை எடுத்துவிட்டாள். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தேன். பசை அசிங்கமாக இருந்தது, வேறொன்றுமில்லை.

சாயங்காலம் இதழில் பதிவு முழுசாக வந்தது, பாலியெஸ்டரோடு.

மறுவாரம் தலைமை அலுவலகத்து அம்மா ஒருத்தி சலவைக்கூடத்துக்கு வந்தாளாம். நுழைந்ததும் அடுக்கில் இருந்த போர்வையைத் தடவிப் பார்த்து, மேனேஜரைப் பார்த்துச் சிரித்தாளாம். மேனேஜருக்கு விளங்கவில்லை. சித்திக்கு விளங்கியது. ஆங்கிலம் வராது, தழும்புக் கையை நீட்டி மெஷினைக் காட்டினாள்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை என்று அக்காவைச் சீண்டினேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.