படத்துல இல்லாத ரெண்டு தடவை

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், என் சிநேகிதி அவளுக்கு ராஜபாளையம். கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல நாலு வருஷமும் ஒரே பெஞ்சு. படிச்சு முடிச்சு நான் பெங்களூர்ல நல்லாத்தான் வேலை பாத்துட்டு இருந்தேன். அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டதும் அம்புட்டையும் விட்டுட்டு ஊருக்கு வந்தாச்சு. அவியளைத் தூக்கி உக்கார வைக்க அம்மா ஒருத்தியால ஏலாது. பஸ்ல போய்ச் சாயங்காலம் வீடு திரும்புற தூரத்துல எனக்குன்னு இருந்தது ஒரே வேலைதான். ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒண்ணுல புரோகிராமருக்கு ஆள் எடுத்தாங்க. அதுக்கு நான் எழுதிப் போட்டதை மொதல்ல அவகிட்டத்தான் சொன்னேன். கிடைச்சா உனக்கு நல்லதுட்டின்னு சொன்னா. அவளும் போட்டிருக்கான்னு மூச்சே விடல.

கொஞ்ச நாள்ல வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்புனா. வெள்ளைத்தாள்ல பேனாவால வரைஞ்ச ஃப்ளோசார்ட். இதைக் கோடிங்கா மாத்திக் குடுட்டி, மாமா ஆலைக்கு, அவசரம்னு கீழ எழுதியிருந்தா.

நூல் சுத்துன கோனை எடை போடணும். எடை சரின்னா ஈரம் பாக்கணும். சரியில்லேன்னா அம்பு வளைஞ்சு மறுபடி எடை போடுற கட்டத்துக்கே போகுது. எடை குறைஞ்ச கோன் வந்தா விடிய விடியத் தராசுலயே கெடக்கும், புரோகிராம் நிக்கவே நிக்காது. ஈரம் அளவுக்கு மேலன்னா ஒதுக்கு, கீழன்னா பெட்டியில போடுன்னு ரெண்டு அம்பு. சரியா அந்த அளவுலயே நின்னா என்ன செய்யன்னு ஒண்ணுமில்லை. ஒதுக்குற கோடும் தராசுக்குத் திரும்புற கோடும் ஒண்ணை ஒண்ணு வெட்டுற எடத்துல, சேருதா சும்மா தாண்டுதான்னும் வெளங்கல.

போன் போட்டு மூணையும் கேட்டேன். மாமாகிட்டக் கேட்டுச் சொல்றேன்னா. செத்த நேரத்துல பதில் வந்துச்சு. அளவுலயே நின்னா பெட்டிக்குப் போகலாம். கோடு தாண்டுதுதான், சேரல. எடை தப்புனா மறுபடி ரெண்டு தடவை போட்டுப் பாக்கணும், அப்பவும் சரியில்லேன்னா சூப்பர்வைசர்கிட்ட. அந்த ரெண்டை எண்ணுறதுக்கு ஒரு கணக்கை உள்ள வச்சு, எல்லாத்தையும் எழுதி, ஓட்டிப் பாத்து அனுப்புனேன். நீ என் தங்கம்டின்னு பதில் போட்டா.

அந்தப் பஞ்சாலையில இருந்து எனக்கு இன்டர்வியூ வந்துச்சு. போனைக் கேட்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. மேனேஜர் ஒரு தாளை முன்னால வச்சு, புரியாததைக் கேளுங்கம்மான்னார். அதே படம். மாமா ஆலைக்குன்னு சொன்னது பொய், அவளும் இதே வேலைக்குத்தான் போட்டிருக்கா. முன்னாடியே பாத்துருக்கேன்னு சொன்னா அவ மாட்டிக்குவாளேன்னு வாயை மூடிக்கிட்டேன். கூறுகெட்டவ, ஒரு கேள்விகூடக் கேக்காம தெரிஞ்சதை அப்படியே எழுதிக் குடுத்தேன்.

படிச்சுட்டு நிமிர்ந்தார். "ரெண்டு தடவைன்னு படத்துல எங்கம்மா இருக்கு?"

யாரு கேக்காங்கன்னு பாக்கத்தான் அதை எழுதாம விட்டாராம். மொதல்ல வந்தவங்களுக்குத் தாளை வீட்டுக்கே குடுத்து விட்டாங்களாம், அதுல ஒரே ஒரு பொண்ணு மட்டும் போன் பண்ணி மூணு எடத்தையும் கேட்டுச்சாம். அந்தப் பொண்ணை அப்பவே எடுத்தாச்சு, இன்னும் ஒரு எடந்தான் பாக்கின்னார். சொல்லிட்டு அவளையே கூப்பிட்டு விட்டார்.

கழுத்துல கம்பெனி அட்டையோட வந்து நின்னா. இந்தப் பொண்ணுக்கு நீதான் சொன்னியான்னு கேட்டார். அவ என் பக்கமே திரும்பல.

"இவதான் கேட்டா சார். கூடப் படிச்சவ, பாவமா இருந்துச்சு, சொல்லிட்டேன்."

அவ மாட்டிக்கக் கூடாதுன்னு நான் வாயைப் பொத்தி உக்காந்திருக்கேன், அவ எனக்கே பாவம் பாக்கா. அவ குடுத்த கோடிங்கே நான் எழுதுனதுதான் சார், போன்ல இருக்கு, எடுத்துட்டு வந்து காட்டுறேன்னேன். ரெண்டு பேரும் வெளிய பேசிக்கோங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆளை வரச் சொன்னார். கேட்ல போனை வாங்கிட்டுத் திரும்ப உள்ள போகப் பாத்தேன், வாட்ச்மேன் விடல. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதேன்.

போன வாரம் அவகிட்ட இருந்து மறுபடி ஒரு போட்டோ. நடந்தது ஒண்ணுமே இல்லாத மாதிரி, இதையும் செத்தப் பாத்துக் குடுட்டி, சார் இன்னைக்கே கேக்காருன்னு எழுதியிருந்தா. பாத்த ஒடனே தெரிஞ்சுது, 'இல்லை'ங்கிற அம்பு எங்கயும் போய்ச் சேரல. பழக்க தோஷம், என் விரல் கேள்வியை அடிக்கவே ஆரம்பிச்சுருச்சு. எனக்கே வெக்கமாப் போச்சு. அழிச்சுட்டு, படத்துல உள்ளபடியே நீயே எழுதிக்கோன்னு அனுப்புனேன்.

"ஏட்டி, அதுல ஏதும் விட்டுப் போயிருக்கா?"ன்னு உடனே கேட்டா.

அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க அம்மா கூப்பிட்டா. போனைக் கவுத்து வச்சுட்டு எந்திரிச்சுப் போனேன்.